ஓலையை முதலில் தமிழில் வாசியுங்கள்

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து மாமி ஒரு பழைய வைத்திய ஏட்டின் படம் அனுப்பினா. மொன்றியலில் இருக்கும் என் தம்பி அதைப் பார்த்த பத்தாவது நிமிடமே குடும்பக் குழுவில் ஆங்கிலத்தில் பொருள் போட்டுவிட்டான். அதில் ‘வலிமை’ என்று இரண்டு இடத்தில் வந்தது. எனக்குச் சந்தேகம்.

முதல் படம் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையடித்துக் கிடந்தது. ஓலையில் எழுத்து மையால் எழுதப்படுவதில்லை, எழுத்தாணியால் கீறப்படுகிறது. காலையில் விறாந்தையில், வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுக்கச் சொன்னேன். கீறல்கள் நிழலோடு தெளிவாகத் தெரிந்தன. கண்டதை அப்படியே எழுதினேன்:

சுககுபலமகமிளகுபலமஉதெனிலபெரட

புள்ளி இல்லை, சொல்லிடைவெளி இல்லை. பழைய ஏடுகளில் இது வழக்கம். புள்ளியை நாங்கள்தான் வைக்க வேண்டும். ‘சுககு’ சுக்கு ஆனது. ‘பலம’ பலம் ஆனது. அடுத்து வந்த ‘க’ என்னைக் குழப்பியது. அதன்பின் மிளகு, திரும்பவும் பலம், பிறகு ‘உ’. பலத்துக்குப் பின்னால் இரண்டு முறையும் ஒற்றை எழுத்து. அப்படியென்றால் அவை எழுத்தல்ல, இலக்கங்கள். தமிழ் இலக்கம் ஒன்று க மாதிரியும், இரண்டு உ மாதிரியும்தான் இருக்கும். பலம் என்பது இங்கே நிறுவை, ஏறக்குறைய 35 கிராம். தம்பி கண்ட வலிமை இதுதான்!

கடைசிப் பகுதி இன்னும் சுவாரசியம். அந்தக் காலக் கையெழுத்தில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே கொம்பு. ஒ, ஓ நிலையும் அதுதான். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த வேறுபாடு பல ஏடுகளில் இருக்காது. காலும் ‘ர’வும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ‘பெர’ என்பது பெர, பேர், பொ, போ எதுவாகவும் இருக்கலாம். ‘தென்’ தேனாகவும் இருக்கலாம். சுக்கு, மிளகு என்று வந்த இடத்தில் ‘தேனில் போட’ என்பதே பொருந்துகிறது.

அதனால்தான் நான் மூன்று வரி எழுதச் சொல்கிறேன். கண்டபடி ஒரு வரி, புள்ளியும் இடைவெளியும் சேர்த்த இன்றைய தமிழ் ஒரு வரி, அதற்குப் பிறகு ஆங்கிலம். நடுவரி இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் பிழை எங்கே நுழைந்தது என்று யாராலும் தேட முடியாது. ஆங்கிலம் மட்டும் வைத்திருக்கும் என் மச்சாளுக்கு ‘பலம்’ திரும்பக் கிடைக்காது. மருந்தில் அது சின்ன விஷயமில்லை.

‘போட’வுக்குப் பின்னால் பூச்சி அரித்த ஓட்டை. தம்பி அங்கே ‘குணமாகும்’ என்று நிரப்பியிருந்தான். நான் மூன்று வரியிலும் [இரண்டு மூன்று எழுத்து இல்லை] என்று போட்டேன். அவனுக்குக் கொஞ்சம் கோபம்.