‘சரிபார்த்த மாடல்’ என்கிறார்களே... எதோடு சரிபார்த்தார்கள்?

2003 ஜனவரி 16. கல்பனா சாவ்லா உள்பட 7 பேருடன் அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியது. ஏறத்தாழ 82-வது விநாடியில், ராட்சத எரிபொருள் தொட்டியின் மேல் பூசப்பட்டிருந்த நுரையில் ஒரு துண்டு பெயர்ந்து, ஓடத்தின் இடது இறக்கையில் மோதியது. மறுநாள் வீடியோ பதிவுகளைப் பார்த்தபோதுதான் இது பொறியாளர்களுக்குத் தெரிந்தது. அப்போது ஓடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இறக்கைக்கு என்ன ஆகியிருக்கும்? விண்வெளியில் இருக்கும் ஓடத்தைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று சில பொறியாளர்கள் கேட்டார்கள். அது நடக்கவில்லை. கையில் மிஞ்சியது ஒரு கணினி மாடல். அதன் பெயர் ‘க்ரேட்டர்’.

ஜனவரி 24 அன்று பொறியாளர் குழு தன் ஆய்வை நாசா அதிகாரிகள் முன் வைத்தது. ஆபத்தில்லை என்ற முடிவோடு கூட்டம் கலைந்தது. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, டெக்சாஸ் வானில் கொலம்பியா சிதறியது. 7 பேரும் உயிரிழந்தார்கள்.

பாலம், அணை, கார், மருந்து, வெள்ள எச்சரிக்கை என்று இன்று எதை எடுத்தாலும் பின்னால் ஒரு சிமுலேஷன் இருக்கிறது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் ‘எங்கள் மாடல் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரியும் தவறாமல் இருக்கும். இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்காக அந்த வரியை நம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நின்று என்ன கேட்க வேண்டும் என்பதற்குக் க்ரேட்டரை விடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

தண்ணீர் கேனும் தீப்பெட்டியும்

க்ரேட்டர் பெரிய சிமுலேஷன் ஒன்றும் கிடையாது. ஒரு சமன்பாடு, அவ்வளவுதான். மோதும் துண்டின் நீளம், விட்டம், அடர்த்தி, வேகம், ஓட்டின் உறுதி ஆகியவற்றைக் கொடுத்தால், வெப்பத்தடுப்பு ஓட்டில் எவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் விழும் என்று சொல்லும். சோதனைக்கூடத்தில் சின்னச் சின்னத் துண்டுகளை ஓடுகள் மீது சுட்டு, விழுந்த பள்ளத்தை அளந்து, அந்த அளவுகளுக்குப் பொருந்துமாறு சமன்பாட்டின் எண்களை அமைத்திருந்தார்கள். ஆகவே, க்ரேட்டரை யாரும் அளக்காமல் உருவாக்கவில்லை. உண்மையான சோதனைகள் இருந்தன.

சிக்கல் அந்தச் சோதனைகளின் அளவில் இருந்தது. அவற்றில் பயன்பட்ட நுரைத் துண்டுகள் அதிகபட்சம் 3 கன அங்குலம். நம் கணக்கில் சுமார் 50 மில்லி, அதாவது இரண்டு தீப்பெட்டி அளவு. கொலம்பியாவில் மோதிய துண்டு 1,200 கன அங்குலம் இருக்கும் என்று அப்போதே மதிப்பிட்டிருந்தார்கள். அது சுமார் 20 லிட்டர். வீட்டுக்கு வரும் குடிதண்ணீர் கேனைக் கண்ணுக்கு முன் கொண்டுவாருங்கள். தீப்பெட்டியை எறிந்து கற்றுக்கொண்ட பாடத்தைத் தண்ணீர் கேன் அளவு துண்டுக்குப் பொருத்தினார்கள். வித்தியாசம் 400 மடங்கு.

400 மடங்கு பெரியது என்றால் சேதம் அதே விதத்தில் கூடிவிடும் என்று எண்ண முடியாது. சின்னத் துண்டு மேல்பரப்பைச் சுரண்டிவிட்டுச் சிதறும். பெரிய துண்டு, மோதிய பாகம் முழுவதையும் வளைத்து உடைத்துவிடலாம். அந்த வகைச் சேதமே நிகழாத சோதனைகளிலிருந்து வந்த சமன்பாட்டுக்கு, அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது.

மாடல் எச்சரித்தது!

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு திருப்பம் உண்டு. க்ரேட்டர் ‘ஆபத்தில்லை’ என்று சொல்லவே இல்லை. ஓட்டின் மொத்தத் தடிமனையும் தாண்டிப் பள்ளம் விழும் என்றுதான் கணக்குக் காட்டியது.

ஆனால், க்ரேட்டர் எப்போதும் சேதத்தைக் கூட்டியே சொல்லும் என்பது பொறியாளர்களின் அனுபவம். சின்னத் துண்டுகள் விஷயத்தில் அது உண்மை. ஓட்டின் அடிப்பகுதியில் அடர்த்தி கூடிய ஓர் அடுக்கு இருக்கிறது, அதை இந்தச் சமன்பாடு கணக்கில் எடுப்பதில்லை என்பதும் உண்மை. அதனால், ‘இதுவும் மிகைக் கணக்காகவே இருக்கும்’ என்று தள்ளுபடி செய்தார்கள்.

வீட்டுத் தராசு ஒன்று 100 கிராம் பருப்பை 110 கிராம் என்று காட்டுகிறது. ‘இது கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்’ என்று பழகிவிட்டோம். அதே தராசில் 40 கிலோ மூட்டையை வைத்தால்? கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா, உடைந்தே போகுமா என்று யாருக்கும் தெரியாது. சின்ன அளவில் கண்ட பிழையின் திசை பெரிய அளவிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மோதிய இடம் வேறு

ஓடுகள் இருப்பது இறக்கையின் அடிப்பரப்பில். இறக்கையின் முன்விளிம்போ, கார்பன் இழைகளால் வலுவூட்டிய கார்பன் தகடுகளால் ஆனது. அதற்குத் தனியாக ஒரு கணக்குமுறை இருந்தது. அது பனிக்கட்டி மோதும் சோதனைகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 15 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் மோதினால் தகடு துளைபடும் என்று அது காட்டியது. நுரை பனிக்கட்டியை விட லேசானது என்பதால், 21 டிகிரி வரை தாங்கும் என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். நுரையைக் கொண்டு செய்த அளவீட்டிலிருந்து அந்த 21 வரவில்லை. அனுபவத்தை வைத்துச் செய்த ஊகம் அது.

அதிகாரிகளுக்குக் காட்டிய ஸ்லைடு ஒன்று பிறகு உலகப் புகழ் பெற்றது. சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே இருக்கின்றன என்ற பொருளில் அதன் தலைப்பு பெரிய எழுத்தில் இருந்தது. இப்போதைய நிலைமை சோதனை எல்லைக்கு வெகுவாக வெளியே இருக்கிறது என்ற செய்தியும் அதே ஸ்லைடில் இருந்தது. அது அடியில், சின்ன எழுத்தில் இருந்தது.

சுட்டுப் பார்த்தார்கள்

விபத்துக்குப் பிறகு, 2003 ஜூலை 7 அன்று, சான் ஆன்டோனியோ நகரில் உள்ள சவுத்வெஸ்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் நிஜச் சோதனை நடந்தது. சுமார் 760 கிராம் எடையுள்ள நுரைத் துண்டை, வாயுத் துப்பாக்கியால் மணிக்கு ஏறத்தாழ 850 கி.மீ. வேகத்தில் 8-வது கார்பன் தகட்டின் மீது சுட்டார்கள். தகட்டில் சுமார் 40 செ.மீ. அகல ஓட்டை விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிர்ந்தார்கள். லேசான நுரை அந்தத் தகட்டை இப்படி உடைக்கும் என்று அதுவரை பலர் நம்பவே இல்லை.

கட்டுரையைக் கையில் எடுத்தால்...

முதலில், ஒப்பீட்டு வரைபடத்தைத் தேடுங்கள். கோடு என்பது மாடலின் கணிப்பு. புள்ளிகள் பெரும்பாலும் நிஜ அளவீடுகள். புள்ளியே இல்லாமல் இரண்டு கோடுகள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தால், ஒரு மாடலை இன்னொரு மாடலோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டும் ஒரே தவறைச் செய்யலாம். கணக்கை நுணுக்கமாக்கியும் விடை மாறவில்லை என்று காட்டுவதும் இதற்கு ஈடாகாது. சமன்பாட்டைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் அதிலிருந்து தெரியும். சமன்பாடு உண்மையோடு ஒத்துப்போகிறதா என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, மாடலின் எண்களை அமைக்க எந்த அளவீடு பயன்பட்டது, சரிபார்க்க எந்த அளவீடு பயன்பட்டது என்று பாருங்கள். மாடி வீட்டின் அறை வெப்பத்தைக் கணிக்கும் ஒரு கட்டுரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மே மாதம் அளந்த வெப்பத்துக்குப் பொருந்துமாறு கூரையின் எண்ணைத் திருகிவிட்டு, அதே மே மாதத்தோடு ஒப்பிட்டு ‘அருமையாகப் பொருந்துகிறது’ என்றால், கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதியதுபோல. எண்ணைத் தொடாமல் டிசம்பரைக் கணித்து, பிறகு அளந்து காட்டினால்தான் சரிபார்ப்பு.

மூன்றாவது, க்ரேட்டர் தந்த பாடம். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம், சோதித்த எல்லை: அளவு, வேகம், கோணம், பொருள். வலப்பக்கம், கட்டுரையின் முடிவு பேசும் நிலைமை. க்ரேட்டருக்கு இதைப் போட்டால் 3-க்கு எதிரே 1,200, ஓட்டுக்கு எதிரே கார்பன் தகடு, பனிக்கட்டிக்கு எதிரே நுரை என்று வரும். ஐந்தே நிமிட வேலை. இடப்பக்கத்தை நிரப்பத் தகவலே கட்டுரையில் கிடைக்கவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

நான்காவது, ‘நன்கு ஒத்துப்போகிறது’ என்ற சொல்லுக்குப் பின்னால் எண் இருக்கிறதா? அதே வெப்பக் கட்டுரையில், நாள் சராசரி அரை டிகிரிக்குள் பொருந்தலாம். ஆனால் பிற்பகல் 3 மணி வெப்பத்தை 4 டிகிரி குறைத்தும் இரவு வெப்பத்தைக் கூட்டியும் சொல்லியிருந்தால், சராசரி அதை மறைத்துவிடும். குளிர்சாதனத்தின் அளவைத் தீர்மானிப்பதோ அந்த 3 மணி வெப்பம். முடிவுக்கு எந்த அளவு தேவையோ, அதைத்தான் ஒப்பிட்டிருக்க வேண்டும். வெப்பமானியே 1 டிகிரி முன்னே பின்னே காட்டும் என்றால் அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லா மாடலையும் நிஜ அளவில் சோதிக்க முடியாதுதான். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை யாரும் வரவழைக்க முடியாது. அங்கே நேர்மையான கட்டுரை, தான் சோதித்த எல்லை எது, அதற்கு வெளியே எதை அனுமானித்தேன் என்று வெளிப்படையாக எழுதும். விபத்துக்குப் பிறகு நாசா அப்படித்தான் படிப்படியாகப் போனது. முதலில் சிறு மாதிரித் துண்டுகள், கடைசியில் முழுத் தகடு என்று ஒவ்வொரு கட்டத்திலும் நுரையைச் சுட்டு அளந்து, புதிய மாடலை ஒப்பிட்டது. 2005 ஜூலை 26 அன்றுதான் அடுத்த ஓடமான டிஸ்கவரி கிளம்பியது.