"லிங்க் ஆகியிருக்கு சார்!" – ஒரு சொல்லால் வந்த வினை



போன மாதம் ஒரு நாள் காலை, அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வீடு திரும்பினேன். வாசல் திண்ணையில் பக்கத்துத் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூடவே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் மகள்.

"சார், நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு. இவளுக்கு வர வேண்டிய ஸ்காலர்ஷிப் பணம் வரலை. காலேஜ்ல கேட்டா பேங்க்கைக் கேளுங்கறாங்க. பேங்க்ல கேட்டா ஆதார் லிங்க் ஆகியிருக்கு, காலேஜைக் கேளுங்கறாங்க. இவளைக் கூட்டிக்கிட்டு நாலு தடவை நடந்துட்டேன். நாலு நாள் வியாபாரம் போச்சு" என்றாள்.

கட்டணம் கட்டுவதற்காகக் காதில் இருந்த தோட்டை அடகு வைத்திருந்தாள். பணம் வராத ஒவ்வொரு மாதமும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

கருவூலத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். பணம் ஏன் வரவில்லை என்று கேட்டால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. விசாரித்ததில் தெரிந்ததையும், அதனால் எனக்கு வந்த கோபத்தையும் இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் வாத்தியார் கட்டுரை நோட்டைத் திருத்தும்போது "மோ ஜூஸ்த்" என்று சிவப்பு மையில் எழுதுவார். பொருளுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரே சொல் என்று அர்த்தம். இரண்டு வெவ்வேறு காரியங்களுக்கு ஒரே சொல்லைப் போட்டால் பிரம்படிதான். அந்தப் பிரம்பு இன்றைக்கு வங்கிக் கவுண்டரில் தேவைப்படுகிறது.

ஏனென்றால் "லிங்க்" என்ற ஒரு சொல்லை இரண்டு காரியங்களுக்குச் சொல்கிறார்கள்.

முதல் காரியம், நம் ஆதார் நகலை வாங்கி வங்கி தன் கணினியில் நம் கணக்கோடு எண்ணைப் பதிந்துகொள்வது. இது நாம் யார் என்று வங்கி தெரிந்துகொள்வதற்கான கே.ஒய்.சி. இந்த விவரம் வங்கிக்குள்ளேயே இருக்கும்.

இரண்டாவது காரியம், அந்த ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணத்தை வாங்கிக்கொள்ளும் வங்கி தான்தான் என்று, நம் சம்மதத்தோடு, நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் என்கிற என்.பி.சி.ஐ.க்கு வங்கி தெரிவிப்பது. இதற்கு "சீடிங்" என்று பெயர். என்.பி.சி.ஐ.யிடம் ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. அதை "மேப்பர்" என்கிறார்கள். அதில் நம் கணக்கு எண் கிடையாது. ஆதார் எண்ணும், எந்த வங்கி என்ற குறியீடும் மட்டும்தான் இருக்கும்.

இப்போது பணம் வரும் வழியைப் பாருங்கள். ஆதார் வழியில் பணம் அனுப்பும்போது, அரசுத் துறை நம் கணக்கு எண்ணுக்கு அனுப்புவதில்லை, ஆதார் எண்ணுக்குத்தான் அனுப்புகிறது. மேப்பர் அந்த எண் எந்த வங்கியைச் சேர்ந்தது என்று பார்த்து அங்கே தள்ளிவிடும். அந்த வங்கி தன் கணினியில் அந்த ஆதாருக்கு உரிய கணக்கைத் தேடி வரவு வைக்கும். ஆக இரண்டு பூட்டு. மேப்பரில் வங்கியின் பெயர் இல்லாவிட்டால் பணம் வங்கி வாசலுக்கே வராது. வங்கியில் கணக்கு மூடியோ முடங்கியோ இருந்தால் வாசல்வரை வந்து திரும்பிவிடும்.

வங்கி ஊழியர் தன் திரையைப் பார்த்து "லிங்க் ஆகியிருக்கு" என்று சொன்னது பொய்யில்லை. அவர் சொன்னது முதல் காரியத்தை. அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது இரண்டாவது காரியம்.

அந்தப் பெண்ணிடம் கைப்பேசியில் *99*99*1# என்று அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுக்கச் சொன்னேன். எல்லா சிம்களிலும் இது வேலை செய்வதில்லை, அவளுடையதிலும் செய்யவில்லை. பிறகு myaadhaar.uidai.gov.in தளத்தில், அவள் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யை அவளையே போடச் சொல்லி உள்ளே போனோம். அங்கே Bank Seeding Status என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் வங்கியின் பெயர் சரியாக இருந்தது. கீழே நிலை என்ற இடத்தில் மட்டும் Inactive என்று இருந்தது.

"தாத்தா, பேங்க் பேர் சரியாத்தானே இருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"பேர் இருக்கும்மா, உயிர் இல்லை" என்றேன்.

கணக்கு எப்போது தொடங்கியது என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அம்மாவைக் காப்பாளராகப் போட்டுத் தொடங்கிய மைனர் கணக்காம். பதினெட்டு வயது முடிந்ததும் புதுக் கையெழுத்து, புது கே.ஒய்.சி. கொடுத்து அதை மேஜர் கணக்காக மாற்றியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, அவளும் செய்யவில்லை. கணக்கு முடங்கி, சீடிங்கும் செத்துப் போயிருந்தது. பாஸ்புக் மட்டும் பத்திரமாக பீரோவில் இருந்தது.

இன்னொரு விதமான கோளாறையும் சொல்லிவிடுகிறேன், நம் வயதுக்காரர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. மேப்பரில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாகச் சீடிங் செய்த வங்கி முந்தையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். 2017இல் நாடு முழுக்க இது வெடித்தது. சிம் கார்டை ஆதாரோடு சரிபார்க்க விரலை வைத்தவர்களில் பலருக்கு, அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அங்கே போய் விழுந்தது. அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தையே நிறுத்தி வைத்தது. ஆகவே நிலை Active என்று இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் எந்த வங்கியின் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். பணம் வராதது போலத் தோன்றும், நாம் மறந்துபோன ஒரு கணக்கில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

ஆதார் வழியே பணம் கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. இல்லாத ஆளின் பெயரில் பட்டுவாடா ஆன பட்டியல்களை நானே தணிக்கையில் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்க ஒரு வழி வேண்டும்தான். சிலர் "சுப்ரீம் கோர்ட்டே ஆதாரை இணைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டதே" என்பார்கள். அது பாதி உண்மை. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் ஆதாரை இணைத்தே தீர வேண்டும் என்ற விதியை ரத்து செய்தது. ஆனால் அரசு மானியத்துக்கும் உதவிக்கும் ஆதார் கேட்கலாம் என்ற சட்டத்தின் 7வது பிரிவு நிலைத்துவிட்டது.

அந்த 7வது பிரிவிலேயே ஒரு கருணை இருக்கிறது. ஆதார் எண் இன்னும் கிடைக்காதவருக்கு வேறு வழியில் அடையாளம் காட்ட வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஆதார் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, தகுதியும் இருக்கிறது. நடுவில் உள்ள கம்பிதான் அறுந்திருக்கிறது. அவளுக்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஆதாரே இல்லாதவரைவிட ஆதார் வைத்திருப்பவர் கதியற்றுப் போவது எந்த ஊர் நியாயம்?

முன்பு இப்படி இல்லை. எரிவாயு மானியத்துக்கு 2014 நவம்பரில் "பஹல்" திட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தபோது, ஆதார் இல்லாதவர்கள் வங்கிக் கணக்கு எண்ணை நேராகக் கொடுத்தாலும் மானியம் போகும் என்று இரண்டாவது வழி வைத்தார்கள். ஆக, கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்ப அரசுக்குத் தெரியாமல் இல்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலோ, மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு 2021-22 முதல் மாணவரின் கணக்குக்கு நேராகப் போகிறது. நடுவில் ஆள் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் நடுவில் ஆள் இல்லாதபோது, பணம் திரும்பிவிட்டது என்று சொல்லவும் ஆள் இல்லாமல் போய்விட்டது.

என் பெரிய கோபம் இதுதான். அந்தக் காலத்தில் முதியோர் பென்ஷன் மணியார்டரில் போகும். ஆள் இல்லையென்றால் தபால்காரர் படிவத்திலேயே காரணம் எழுதித் திருப்புவார். "வீடு பூட்டியிருக்கிறது", "ஊரில் இல்லை", "காலமானார்" என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் அடுத்த காரியத்தைப் பார்ப்போம். இன்றைக்கும் பணம் திரும்பும்போது காரணம் கூடவே வருகிறது. ஆதார் மேப்பரில் இல்லை, கணக்கு மூடப்பட்டது, கணக்கு முடங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. அது அனுப்பிய துறையின் கணினியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காசுக்கு உரியவளுக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை.

"ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று தினமும் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த நாட்டில், "உங்கள் பணம் திரும்பியது, காரணம் கணக்கு முடங்கியது, உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள்" என்று தமிழில் ஒரு வரி அனுப்ப முடியாதா? அந்த ஒரு வரி வந்திருந்தால் அந்தப் பூக்காரம்மாள் நான்கு முறை அலைந்திருக்க மாட்டாள்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று சொல்லி முடிக்கிறேன். கிளைக்குப் போய் முதலில் கணக்கை மேஜர் கணக்காக மாற்றினாள். பிறகு "லிங்க்" என்று கேட்காமல், "டி.பி.டி. பணத்துக்கு என்.பி.சி.ஐ. மேப்பரில் சீடிங் செய்ய வேண்டும்" என்று சொல்லிச் சம்மதப் படிவம் கொடுத்தாள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன், வாங்கினாள். ஐந்தாம் நாள் தளத்தில் Active என்று வந்தது. அதை அச்செடுத்து, திரும்பிப்போன தொகையை மறுபடி அனுப்பக் கோரி கல்லூரி வழியாகத் துறைக்கு மனு கொடுத்தாள். இதை விட்டுவிடாதீர்கள். சீடிங் சரியானதும் பழைய பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இதை எழுதும் இன்றுவரை பணம் வரவில்லை. தோடும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பேரன் பேத்தியின் கணக்கு மைனர் கணக்கா என்று இன்றைக்கே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். பதினெட்டு முடிந்திருந்தால் நாளைக்கே கிளைக்கு அனுப்புங்கள்.