பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க சார்!

ஸ்ரீரங்கத்தில் மேனேஜர் வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறீர்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் 'வெறுங்கையோடயா போறது?' என்று உறைக்கிறது. விசாரித்தவரையில் வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடு. அன்றைக்கு ஏகாதசி வேறு. போதாததற்கு அவருடைய நாலு வயசுப் பையனுக்குக் கோதுமை அலர்ஜி. பாட்டிக்குத் தானியம் ஆகாது, பேரனுக்குக் கோதுமை ஆகாது.

நீங்கள் புத்திசாலி. லட்டு, முறுக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அரை கிலோ வாழைக்காய் வறுவல் வாங்குகிறீர்கள். வாழைக்காய், எண்ணெய், உப்பு, மிளகாய்ப்பொடி, பெருங்காயம். இதில் தானியம் எங்கே, கோதுமை எங்கே?

பெருங்காயத்தில்தான் சார்!

அசல் பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிறது. (நம் நாட்டிலும் பயிரிட்டுப் பார்ப்போமே என்று 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தில் செடி நட்டிருக்கிறார்கள்.) அசலை அப்படியே சாம்பாரில் போட்டால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அதனால் கருவேலம்பிசின் மாதிரி ஒரு பிசினும் மாவும் கலந்து வீரியத்தைக் குறைத்து விற்கிறார்கள். இது கலப்படம் இல்லை. சட்டமே அனுமதிக்கிற 'கூட்டுப் பெருங்காயம்'. அந்த மாவு பல டப்பாக்களில் மைதா. சிலவற்றில் அரிசி மாவு. அரிசி மாவு என்றால் பேரன் பிழைத்தான், பாட்டி மாட்டிக்கொண்டார்!

'ஒரு சிட்டிகைதானே?' என்பீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு கிலோ வறுவலுக்கு 2 கிராம் பெருங்காயத்தூள் தூவினார்கள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். மைதா 1 கிராம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம். அதாவது 100 மில்லிகிராம். பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஐந்து மடங்கு! அந்த 20-கூட, குளூட்டன் குடலைக் கெடுக்கும் வேறொரு நோய்க்காக வைத்த அளவு. அலர்ஜிப் பையனுக்கு எது பத்திரமான அளவு என்று அவனுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமில்லை. தவிர, அதே வாணலியில் காலையில் சமோசா பொரித்திருந்தால் பெருங்காயமே போடாவிட்டாலும் வம்புதான்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அது சைவம் என்று மட்டும்தான் சொல்லும். பூண்டைப் பற்றியோ மைதாவைப் பற்றியோ வாயே திறக்காது. சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, பால், சோயா போன்றவை இருந்தால் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2020-ல் வந்த லேபிள் விதி சொல்கிறது. கடையில் தராசில் நிறுத்துத் தரும் வறுவலுக்கு ஏது லேபிள்?

பாட்டி விஷயம் வீட்டுக்கு வீடு மாறும். பல வீடுகளில் ஏகாதசிக்கு அரிசியை மட்டும் விட்டுவிட்டு ரவா உப்புமாவை ஒரு பிடி பிடிப்பார்கள். கடுமையாக இருப்பவர்கள் எந்தத் தானியமும் தொடுவதில்லை. வெளியில் சமைத்தது எதுவுமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. உங்கள் அம்மா கைமுறுக்கை அவர்கள் தொடாவிட்டால் அது அம்மாவின் கைப்பக்குவத்துக்கு விழுந்த அடி அல்ல.

ஆகவே, முதல் நாளே போன் பண்ணுங்கள். "என்ன சார் வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குப்பா, சும்மா வா" என்றுதான் பதில் வரும். ஆமா, இல்லை என்று சொல்கிற மாதிரி கேளுங்கள். "பூவன் பழம் ஒரு சீப்பு கொண்டு வரேன் சார். பையனுக்கு ஒத்துக்கும்ல? பாட்டி ஏகாதசிக்குச் சாப்பிடுவாங்கல்ல?" வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அதனால் கேட்டே ஆக வேண்டும்.

சரி என்றால் காந்தி மார்க்கெட். முழுப் பழமாக, தோல் கிழியாமல், தனிப் பையில். உங்களுக்கு வாங்கிய பப்ஸோடு சேர்த்துப் போடாதீர்கள்.

யாரோ எதையோ கொடுத்து, பையனுக்கு உதடு வீங்கினால், தடிப்பு தடிப்பாக எழும்பினால், வாந்தி எடுத்தால் வேடிக்கை பார்க்காதீர்கள். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது வரலாம். மூச்சு இழுத்தாலோ, துவண்டு விழுந்தாலோ உடனே 108. டாக்டர் கொடுத்த அட்ரினலின் ஊசி வீட்டில் இருந்தால், பெற்றவர்கள் அதை வெளித் தொடையில் போடட்டும். வெறும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

பழத்தோடு கால் கிலோ நெல்லிக்காயும் ஒரு கட்டு அகத்திக்கீரையும் வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் துவாதசிப் பாரணைக்கு இரண்டும் வேண்டும். "பிள்ளையாண்டானுக்கு விவரம் தெரிஞ்சிருக்கே!" என்று பாட்டி சொன்னால், மேனேஜர் காதில் விழுகிற தூரத்தில் நில்லுங்கள். இன்க்ரிமென்ட் மாசம்!