எச்சரிக்கைச் சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டித் தொழில் செய்யும் எமது வர்த்தகர்கள் பலரின் கொடுக்கல் வாங்கல் இன்று மின்னஞ்சலில்தான் நடக்கிறது. விலைப்பட்டியலும் அதில்தான் போகிறது, வங்கிக் கணக்கிலக்கமும் அதில்தான் வருகிறது. இதனால் சிலர் மாதக் கட்டணம் செலுத்தி, தமது மின்னஞ்சலைக் கண்காணிக்கும் பொறுப்பை வெளி நிறுவனங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். இது நல்ல விடயமே. ஆனால் அந்த நிறுவனத்தில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வாளர் ஒரு தவறைக் கண்டால், அதை மேலிடத்துக்கும் உங்களுக்கும் எப்படி எழுதி அனுப்புகிறார் என்பதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கட்டணத்தைப் பற்றிப் பேரம் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு பதிவு திறக்கப்படும். அதை டிக்கெட் என்பார்கள். முதலில் பார்ப்பவரால் தீர்க்க முடியாததை அவர் அடுத்த நிலையில் உள்ளவருக்கு அனுப்புவார். எச்சரிக்கை கைமாறும் அந்த இடத்தில்தான் காரியம் கெட்டுப் போகிறது.

அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரும் சில்லறை வியாபார நிறுவனத்துக்கு நடந்தது இதற்குச் சரியான உதாரணம். 2013 நவம்பர் 30ஆம் திகதி, திருட்டு மென்பொருள் உள்ளே இருப்பதாக அதன் பாதுகாப்புச் சாதனம் எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதைக் கண்டு, மினியாபொலிஸ் தலைமையகத்துக்கு அறிவித்தது என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. அந்த எச்சரிக்கையின் பெயர் malware.binary என்ற பொதுப் பெயர். எந்த இயந்திரத்தில் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. தமது குழு எச்சரிக்கையை ஆராய்ந்து, உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்ததாக நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. அமெரிக்க அரச அதிகாரிகள் டிசம்பர் 12ஆம் திகதி சொன்ன பிறகுதான் காரியம் நடந்தது. அதற்குள் சுமார் 4 கோடி அட்டைகளின் விபரங்கள் களவு போயிருந்தன. திருடர்கள் நுழைந்த வழி, அந்த நிறுவனத்துக்குக் குளிரூட்டி வேலை செய்து வந்த ஒரு சிறிய ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல். ஆகவே சிறிய வியாபாரிக்கு இதில் என்ன என்று யாரும் கேட்க முடியாது.

எச்சரிக்கை மணி அடித்தது. கண்டவரும் சொன்னார். ஆனால் கேட்டவரை எழுந்து ஓடவைக்க அது போதவில்லை.

இனி நமது ஊருக்கு வருவோம். கப்பல்களுக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொழும்பிலுள்ள கப்பல் முகவரிடமிருந்து அதற்கு 18 இலட்சம் ரூபா வரவேண்டியிருக்கிறது. புதன்கிழமை பட்டியல் அனுப்பியாயிற்று. வெள்ளி காலை ஆய்வாளர் முதலாளிக்கு எழுதுகிறார்: "சந்தேகத்துக்குரிய உள்நுழைவு. கடவுச்சொல் மாற்றப்பட்டது. கவனிக்கவும்." இதைப் படிக்கும் முதலாளி என்ன நினைப்பார்? மாற்றிவிட்டார்கள், பிரச்சினை முடிந்தது என்று ஜும்ஆவுக்குப் போய்விடுவார்.

அதே விடயத்தை இப்படி எழுதலாம்.

கண்டது: வெள்ளி அதிகாலை 2.14க்கு, இக்கடையினர் ஒருபோதும் பாவிக்காத வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து உள்நுழைவு. 2.20க்குப் புதிய விதி ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது: கப்பல் முகவரிடமிருந்து வரும் கடிதங்கள் வெளி முகவரி ஒன்றுக்குப் போகும், நம் பெட்டியிலிருந்து அழியும். இரண்டின் பதிவுகளும் இணைக்கப்பட்டுள்ளன. முகவருக்குப் போலிக் கடிதம் போனதா என்பது தெரியாது. அனுப்பிய கடிதங்களில் ஒன்றும் இல்லை, ஆனால் அது அழிக்கப்பட்டிருக்கலாம்.

செய்தது: 7.50க்கு விதியும் உள்நுழைவுப் பதிவும் பிரதி எடுக்கப்பட்டன. 7.55க்கு எல்லாச் சாதனங்களும் வெளியேற்றப்பட்டன. 7.58க்குக் கடவுச்சொல் மாற்றப்பட்டது. 8.02க்கு விதி நீக்கப்பட்டது. முகவருக்கும் வங்கிக்கும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது: முதலாளி 9 மணிக்குள் கப்பல் முகவரைப் பழைய தொலைபேசி இலக்கத்தில் அழைத்து, கணக்கிலக்கம் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். பணம் ஏற்கனவே போயிருந்தால் முகவர் தமது வங்கியை உடனே அழைக்க வேண்டும். 9 மணிக்குள் முதலாளி கிடைக்காவிட்டால் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லப்படும். அழிக்கப்பட்ட கடிதங்களை 11 மணிக்குள் தேடி அறிவிப்பது என் பொறுப்பு.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீளம் அல்ல. முதல் சீட்டில் கடவுச்சொல் மாற்றப்பட்ட செய்தி மட்டும் இருந்தது. கடவுச்சொல்லை மாற்றினாலும் திருடன் வைத்துவிட்டுப் போன விதி அப்படியே இருக்கும், கடிதங்களை அனுப்பிக்கொண்டும் இருக்கும். இதை அறிந்தவர்தான் இரண்டாவது சீட்டை எழுத முடியும். பிரதி எடுத்த பின்னரே விதியை நீக்கியதையும் கவனியுங்கள். முதலில் நீக்கியிருந்தால் கடிதங்கள் எங்கே போயின என்பதற்கான சான்றும் அதனுடன் போயிருக்கும். நேரம் எழுதியிருப்பதும் காரணத்தோடுதான். அடுத்தவர் அதே வேலையை மீண்டும் செய்யமாட்டார், செய்யாமல் விட்டதைச் செய்ததாக நினைக்கவும்மாட்டார்.

"செய்ய வேண்டியது" என்ற பகுதியில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். "கவனிக்கவும்", "ஆவன செய்யவும்" என்பவை யாருடைய வேலையும் அல்ல. யார், என்ன, எத்தனை மணிக்குள், அவர் கிடைக்காவிட்டால் யார் என்ற நான்கும் இருக்க வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் கலந்து எழுதுவது அடுத்த பிழை. "திருடப்பட்டுவிட்டது" என்று எழுதினால் முதலாளி பதறுவார். "ஒன்றுமில்லை" என்றால் தூங்குவார். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான் அவர் தொலைபேசியைக் கையில் எடுப்பார்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சில நிறுவனங்கள் சீட்டில் இருபது கட்டங்கள் போட்டுவிடுகின்றன. அவசரத்தில் இருப்பவர் எல்லாக் கட்டத்திலும் "பொருந்தாது" என்று நிரப்பிவிடுவார். மூன்று தலைப்புக்கு மேல் வேண்டாம். பணம் கைமாறப்போகும் நேரத்தில் சீட்டை எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதும் தவறு. முதலில் தொலைபேசி, பிறகு சீட்டு. கடவுச்சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அதில் எழுதக்கூடாது, ஏனெனில் சீட்டைப் பலர் படிப்பார்கள்.

உங்கள் நிறுவனத்தின் தரத்தை அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. அவர்கள் கடைசியாக அனுப்பிய மூன்று சீட்டுகளை, அந்த விடயம் தெரியாத உங்கள் கணக்கப்பிள்ளையிடம் கொடுங்கள். யாரையும் திருப்பி அழைக்காமல் தான் என்ன செய்ய வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தால், நீங்கள் கொடுக்கும் கட்டணம் நியாயமானது. முடியாவிட்டால், அடுத்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் இந்த மூன்று தலைப்புகளையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.