ரூ.50,000 கட்டினால் தினமும் ரூ.500 வருமா? சேரும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

"50 ஆயிரம் கட்டி ஒரு பேக்கேஜ் எடுத்தா போதும். தினமும் ஒரு மணி நேரம் போன்ல விளம்பரம் பார்த்தா 500 ரூபா ஏறிடும். ஆள் சேர்த்துவிட்டா கமிஷன் தனி." இப்படியொரு அழைப்பு முகம் தெரியாதவரிடம் இருந்து வந்தால் பலரும் உஷாராகி விடுவார்கள். ஆனால் பெரும்பாலும் சொல்பவர் சித்தப்பாவாகவோ, கூட வேலை பார்ப்பவராகவோ இருப்பார். வங்கிக் கணக்கில் பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுவார்.

அந்த ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் உண்மைதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருது?

ஒரு மணி நேரத்தில் 30 விநாடி விளம்பரங்கள் 120 பார்க்கலாம். அதற்கு 500 ரூபாய் என்றால், ஒரு விளம்பரத்துக்கு 4 ரூபாய்க்கு மேல். ஆன்லைனில் ஒரு வீடியோ பார்வைக்கு நிறுவனங்கள் செலவழிப்பது பெரும்பாலும் பைசா கணக்கில்தான். அதுவும் பொருளை வாங்க வாய்ப்புள்ளவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. காசுக்காகவே பார்ப்பவருக்கு யார் 4 ரூபாய் தருவார்கள்?

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே வழி: புதிதாகச் சேர்பவர்களின் கட்டணம்.

உதாரணத்துக்கு, 1,000 பேர் சேர்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். வசூல் 5 கோடி ரூபாய். ஆளுக்கு மாதம் 15,000 வீதம் கொடுக்க வேண்டியது 1.5 கோடி. புதிதாக யாரும் வரவில்லை என்றால், வசூலான மொத்தப் பணமும் 100 நாளில் காலி. அதுவும் நடத்துபவர் ஒரு பைசாகூட எடுக்காமல் இருந்தால்!

அந்த 5 கோடியை அவர் தன் பக்கம் ஒதுக்கிவிட்டார் என்றால், அடுத்த மாதம் பணம் கொடுக்க 300 புதிய ஆட்கள் தேவை. அவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க அதற்கடுத்த மாதம் 390 பேர். அதாவது மாதாமாதம் 30 சதவீதம் கூட்டம் பெருகிக்கொண்டே போகணும். ஒரு வருடத்தில் சுமார் 23 ஆயிரம் பேர், 2 வருடத்தில் 5.4 லட்சம், 3 வருடத்தில் 1.26 கோடி. இவ்வளவு பேருக்கு எங்கே போவது? அதனால் இது எப்போது நிற்கும் என்பது மட்டும்தான் கேள்வி.

சித்தப்பா முன்கூட்டியே சேர்ந்தவர். 100 நாளில் போட்ட காசை எடுத்திருப்பார். கடைசியாகச் சேர்பவருக்கு அந்த 100 நாள் கிடைக்காது.

பொருள் இருந்தால் மட்டும் போதுமா?

சில திட்டங்களில் கட்டணத்துக்கு ஈடாக மூலிகை மாத்திரை, ஆன்லைன் கோர்ஸ் என ஏதாவது கொடுப்பார்கள். உறுப்பினர் ஆகாத ஒருவர் அதே விலைக்கு அதை வாங்குவாரா என்று பாருங்கள். மாட்டார் என்றால், அது சேர்க்கைக் கட்டணத்துக்கு மாட்டிய சட்டை. 2012-ல் பெருந்துறை பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோதும் கோழி நிஜமாகவே இருந்தது. முதலீட்டாளர்களுக்குச் சொன்ன தொகையைக் கொடுக்கும் அளவுக்கு அதற்கு சந்தைதான் இல்லை.

'கம்பெனி ரிஜிஸ்டர் ஆகியிருக்கு, ஜிஎஸ்டி இருக்கு' என்று சான்றிதழ் காட்டுவதும் வழக்கம். மளிகைக்கடை வைத்திருப்பவரும் ஜிஎஸ்டி எண் வாங்கலாம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அது அனுமதி ஆகாது. அந்த அனுமதி இருக்கிறதா என்பதை ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் தேடிப் பார்க்கலாம். புகாரும் அங்கேயே கொடுக்கலாம்.

நேரடி விற்பனைக்கு மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, விற்பனையாளராகச் சேர நுழைவுக் கட்டணம் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. ஆள் சேர்ப்பதால் மட்டும் வருமானம் வரும் பிரமிட் திட்டங்களுக்கு 2021 விதிகள் தடை போடுகின்றன.

ஆள் சேர்ப்பவருக்கும் ஆபத்து

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ம் ஆண்டு சட்டப்படி, நடத்துபவர் மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கெடுப்பதும்கூட குற்றம். தண்டனை 3 ஆண்டு வரை சிறை. கமிஷனுக்காக தங்கையையும் மச்சானையும் சேர்த்துவிட்டவர், திட்டம் சரிந்ததும் வீட்டிலும் பதில் சொல்லணும், ஸ்டேஷனிலும் சொல்லணும்.

ஏற்கெனவே கட்டிவிட்டால்?

பணத்தை எடுக்கப் போகும்போது 'சர்வர் பராமரிப்பு', 'மறுபடி கேஒய்சி', 'பெரிய பேக்கேஜுக்கு மாறினால்தான் ரிலீஸ்' என்று காரணங்கள் வர ஆரம்பித்தால், மேற்கொண்டு ஒரு ரூபாயும் போடாதீர்கள். ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிட வேண்டாம். ஆதாரம் அதில்தான் இருக்கும். பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்கணும். தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசிலும் புகார் கொடுக்கலாம். 'புகார் கொடுத்தா யாருக்குமே பணம் வராது' என்று குழுவில் மிரட்டுவார்கள். வங்கிக் கணக்கு முடக்கப்படும் நேரத்தில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதிலிருந்து திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அந்தத் தொகை குறைந்துகொண்டே போகும்.