பதினோரு கணக்கு

தூக்கம் வரலை மக்களே. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரிசல்ட் வந்துடுச்சு. ரெண்டாவது தடவையும் போச்சு. என் ரேங்குக்கு வேலை எட்டாது. அம்மா ஒண்ணும் கேக்கலை. தட்டுல ஒரு தோசையைக் கூட வச்சாங்க. அதுலதான் அழுகை வந்துச்சு.

அரியலூர் தூங்கிடுச்சு, சிமெண்ட் லாரி சத்தம் மட்டும் கேக்குது. விடைக்குறிப்பை வச்சு மறுபடி எண்ணிப் பார்த்தேன். 200 கேள்வி, ஒண்ணுக்கு 1.5 மார்க். தமிழ்ல நூத்துக்கு 88 சரி. பொது அறிவுல 75க்கு 54. கணக்குல 25க்கு 11. ஆக 153 சரி, 229.5 மார்க்.

வருஷம் பூரா நடப்பு நிகழ்வு புத்தகமா வாங்கிக் குவிச்சேன். என்னைக் கேட்டா அதுதான் தப்பு. பொது அறிவுக்குக் கரையே கிடையாது. கணக்குக்கு உண்டு: சதவீதம், விகிதம், வட்டி, வேலையும் நேரமும், பரப்பளவு. எல்லாம் பத்தாவது வரைக்கும் படிச்சதுதான். அங்க விட்ட 14 கேள்வி 21 மார்க். தப்பா போட்டா மைனஸ் கிடையாதுன்னு கடைசி பத்து நிமிஷத்துல பாதியை குருட்டாம்போக்குல ஷேட் பண்ணேன்.

நாளையிலேர்ந்து காலைல அஞ்சு மணிக்கு, ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூட கணக்குப் புத்தகம். 25 கணக்கு, 30 நிமிஷம், கடிகாரம் வச்சு. அந்த 21 மார்க் வந்தாலும் வேலை நிச்சயமில்லை, காலியிடத்தைப் பொறுத்தது. ஆனா அடுத்த தடவை தோத்தா, கணக்கால தோக்க மாட்டேன்.