எண்ணமும் எண்ணிக்கையும்

சந்தைப்படுத்தலைப் பாடமாகப் பயிலும் மாணவர், படிப்பின் ஒரு பகுதியாகச் சில மாத காலம் ஒரு வணிக நிறுவனத்திற் பயிற்சி பெறுவதும், வாரந்தோறும் ஒரு குறிப்பேட்டை நிரப்பி மேற்பார்வையாளரின் கையொப்பம் பெறுவதும், முடிவில் அறிக்கையொன்றைச் சமர்ப்பிப்பதும் நேயர்கள் அறிந்தவையே. அக்குறிப்பேட்டில் எதை எழுதுவது, 'மீள்நோக்கு' என்ற தலைப்பின்கீழ் என்ன சொல்வது என்று மாணவர் பலர் மயங்குகின்றனர். ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

பெரும்பாலான குறிப்பேடுகளில் நாம் காண்பது இவ்வகை வாக்கியமே: 'இவ்வாரம் விற்பனைப் பிரதிநிதியுடன் கடைகளுக்குச் சென்றேன். பல புதிய விடயங்களைக் கற்றுக்கொண்டேன்.' இதிற் பொய் இல்லை, பொருளும் இல்லை. எந்த மாணவரும் எந்த வாரத்திலும் எழுதக்கூடிய வாக்கியம் இது. பரிசோதகர் தேடுவது வேறு. இம்மாணவர் முன்னர் எதை நம்பினார், எதைக் கண்டார், கண்டபின் அந்த நம்பிக்கை எவ்வாறு மாறியது என்பதையே அவர் தேடுகிறார்.

எனவே வாரத்தின் முதற்குறிப்பு திங்கட்கிழமை காலையில், வேலை தொடங்குமுன் எழுதப்பட வேண்டும். 'இவ்வாரம் இது நிகழும் என எதிர்பார்க்கிறேன்; காரணம் இது' என்று இரண்டு வரி போதும். வார முடிவில் எழுதினால் இது பயன்படாது. நடந்ததை அறிந்தபின், அதையே முன்பும் எண்ணியிருந்ததாக நம்புவது மனித மனத்தின் இயல்பு. இறுதி வாரத்தில் ஓரிரவிற் குறிப்பேடு முழுவதையும் நிரப்புவோர் இழப்பது இதைத்தான். செய்த வேலைகளை அவர்கள் எப்படியோ நினைவுகூர்ந்துவிடுவர். அன்று எண்ணியிருந்ததை மீட்க முடியாது.

இரண்டாவது குறிப்பு எண்ணிக்கை. மூன்றாவது, கேட்ட சொற்கள். இவற்றை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம்.

சவர்க்கார விநியோகஸ்தர் ஒருவரிடம் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் பொறுப்பிற் பத்துக் கடைகள் உள்ளன. மூன்றாம் வாரத்தில் நிறுவனம் கடைக்காரருக்கு ஒரு சலுகை அறிவிக்கிறது: பன்னிரண்டு கட்டி வாங்கினால் ஒரு கட்டி இலவசம். 'இச்சலுகையால் விற்பனை கூடும்' என்று அவள் திங்கட்கிழமை எழுதுகிறாள். இரண்டாம் வாரத்தில் அப்பத்துக் கடைகளும் 120 கட்டி வாங்கியிருந்தன. மூன்றாம் வாரத்தில் 216 வாங்கின. நிறுவனத்தின் பற்றுச்சீட்டுகளை மட்டும் பார்த்தால், 'சலுகை பெருவெற்றி' என்று எழுதிக் கையொப்பமும் பெற்றுவிடலாம்.

ஆனால் அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடைக்காரரின் அனுமதியுடன் இறாக்கையில் உள்ள கட்டிகளையும், உள்ளறையில் உள்ளவற்றையும் எண்ணி வருகிறாள். தொடக்கக் கையிருப்போடு வந்த சரக்கைக் கூட்டி, முடிவுக் கையிருப்பைக் கழித்தால், கடையிலிருந்து மக்கள் வாங்கிச் சென்ற தொகை கிடைக்கும். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் 80 இருந்தன, 120 வந்தன, 90 எஞ்சின. ஆகவே மக்கள் வாங்கியவை 110. மூன்றாம் வாரத்தில் 90 இருந்தன, 216 வாங்கியவையும் இலவசமாக 18உம் வந்தன, 210 எஞ்சின. மக்கள் வாங்கியவை 114 மட்டுமே.

கடைக்கு விற்றது ஏறக்குறைய இருமடங்காயிற்று; கடையிலிருந்து விற்றது அப்படியே நின்றது. நான்காம் வாரத்தில் அக்கடைகள் 48 கட்டிகளே வாங்கின. எஞ்சியவை 146. எனவே மக்கள் வாங்கியவை 112.

எண்ணிக்கை இதனைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. அதற்கே கேட்ட சொற்கள் வேண்டும். அவற்றைத் திருத்தாமல், பேசியவாறே எழுதுதல் நன்று. கடைக்காரர் ஒருவர் அவளிடம், "டசினுக்கு ஒரு கட்டி சும்மா வருகுது, பிள்ளை. பிறகு வாங்கிறதை இப்பவே வாங்கி வைக்கிறன். ஆக்களுக்கு அதே விலைதான்" என்றார் என வைத்துக்கொள்வோம். காரணம் இச்சொற்களில் அடங்கிவிட்டது. சலுகை கடைக்காரரிடமே தங்கிற்று; வாங்க வருபவரை அது எட்டவில்லை. அவர் எதிர்வாரத் தேவையை முன்கூட்டியே வாங்கி வைத்தார்.

இனி மீள்நோக்கு. 1988ஆம் ஆண்டில் கிரகாம் கிப்ஸ் என்னும் கல்வியாளர் இதற்கு ஆறு படிகளை வகுத்தார். நடந்தது, உணர்ந்தது, நன்மை தீமை, காரண ஆராய்வு, முடிவு, அடுத்த செயல் என்பன அவை. ஆறு தலைப்பிட்டு ஆறு வாக்கியம் எழுதினால் அது மீள்நோக்கு ஆகிவிடாது. எதிர்பார்ப்புக்கும் எண்ணிக்கைக்கும் இடையில் உள்ள வெளியிலேதான் அது பிறக்கிறது. நம் மாணவி இவ்வாறு எழுதலாம்:

'சலுகையால் விற்பனை கூடும் என எண்ணினேன். கடைக்கு விற்பதும் மக்களுக்கு விற்பதும் ஒன்றே என்று கருதியமையே அவ்வெண்ணத்திற்குக் காரணம். பத்துக் கடைகளில் மூன்று வாரம் எண்ணியதில் முதலாவது ஏறி இறங்கியது, இரண்டாவது மாறவில்லை. எனினும் பத்துக் கடைகளைக்கொண்டு சலுகை பயனற்றது என்று கூற இயலாது. இறாக்கையை நிரப்பிப் போட்டி நிறுவனத்திற்கு இடமில்லாமற் செய்வதே நோக்கமாகவும் இருக்கலாம். மேற்பார்வையாளரிடம் இதனைக் கேட்பேன். அடுத்த சலுகையின்போது இறாக்கையில் எந்நிறுவனத்தின் கட்டிகள் எத்தனை உள்ளன என்பதையும் எண்ணுவேன்.'

இதில் தற்புகழ்ச்சியும் இல்லை. நிறுவனத்தைக் குறைகூறலும் இல்லை. பழைய எண்ணம், அதன் வேர், சான்று, சான்றின் எல்லை, வேறு விளக்கம், அடுத்த செயல் ஆகியன வரிசையாக வந்துள்ளன.

எண்ணிக்கையும் தவறக்கூடும். அதனை அறிய வழியுண்டு. ஒரு கடையில் மக்கள் வாங்கியவை ஒரு வாரம் வியப்புறும்படி மிகுந்தும், மறுவாரம் பூச்சியத்திற்குக் கீழும் வந்தால், உள்ளறைப் பெட்டியொன்று முதல் எண்ணிக்கையில் விடுபட்டு மறுமுறை எண்ணப்பட்டிருக்கலாம். அல்லது கடைக்காரர் இடையில் வேறு மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்கியிருக்கலாம். அத்தகைய எண்ணை அழித்துவிடாது, ஐயத்தோடு அப்படியே குறித்து, கடைக்காரரை வினவ வேண்டும். சம்பள வாரம், பாடசாலை விடுமுறை, திருநாள் ஆகியவற்றையும் ஓரத்திற் குறித்தல் நலம். விற்பனையை அவையும் அசைக்கும்.

கடைகளின் பெயரை எழுதாமல் அ, ஆ, இ எனக் குறித்தலும், நிறுவனத்தின் எண்களை அறிக்கையிற் சேர்க்குமுன் அனுமதி பெறுதலும் கடமை. அனுமதி கிடையாதாயின் இரண்டாம் வாரத்தை 100 எனக் கொண்டு ஏனையவற்றை அதன் விகிதத்தில் தரலாம். நம் எடுத்துக்காட்டில் கடைக்கு விற்றது 100, 180, 40 என வரும். மக்கள் வாங்கியது 100, 104, 102 என வரும். உண்மையான தொகை மறைந்தாலும் கதை மறையாது.

இறுதி அறிக்கையிற் பன்னிரண்டு வாரங்களையும் வரிசையாக ஒட்டிவைத்தல் வேண்டாம். குறிப்பேடு பின்னிணைப்பில் நிற்கட்டும். எதிர்பார்ப்பும் எண்ணிக்கையும் மிகவும் முரண்பட்ட இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஓர் இயலாக விரித்தெழுதினாற் போதும். அவ்விடங்களைக் கண்டுபிடிக்க உதவுவன, திங்கட்கிழமை காலைகளில் எழுதிய அந்த இரண்டு வரிகளே.